செம்மறி ஆட்டுக்கு உண்ணி, பேன் மருந்து: எதை வாங்குவது, எவ்வளவு கலப்பது, எப்படி அடிப்பது

செங்குன்றம், மீஞ்சூர், திருப்போரூர் என்று சென்னையைச் சுற்றி ஆடு வைத்திருப்பவர்களிடம் "உண்ணிக்கு எவ்வளவு மருந்து கலக்குறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "பக்கெட்டுக்கு ஒரு மூடி". எந்த பாட்டிலின் மூடி, எத்தனை லிட்டர் பக்கெட், அந்த பாட்டிலில் மருந்து எத்தனை சதவீதம் என்று அடுத்துக் கேட்டால் பதில் இருக்காது. ஆடு நடுங்கி விழுவதும் சரி, அடித்த மூன்றாம் நாளே உண்ணி மறுபடி காதில் தொங்குவதும் சரி, முக்கால்வாசி இந்த மூடிக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கலக்கும் கணக்குக்கும் அடிக்கும் முறைக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நம் பக்கம் அதிகம் இருப்பது சென்னை சிவப்பு இனம். குட்டை முடி, கம்பளி கிடையாது. 25 முதல் 50 ஆடு வரை வைத்திருக்கும் ஒருவர் முதுகில் மாட்டும் ஸ்ப்ரேயரை வைத்து எப்படிச் செய்வது என்பதை முழுதாகச் சொல்கிறேன், தொட்டியில் முக்குவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

முதலில் மேலே இருப்பது எது என்று பாருங்கள்

காலை வெயிலில் ஒரு ஆட்டைப் பிடித்து நிறுத்தி, காதின் உள்பக்கம், வாலின் அடி, தொடை இடுக்கு, முன்னங்கால் இடுக்கு, மடியைச் சுற்றி, குளம்புப் பிளவுக்கு நடுவே என்று வரிசையாகப் பாருங்கள். உண்ணி இருந்தால் இந்த இடங்களில்தான் இருக்கும், தோல் மெல்லிசாக இருப்பதால். ரத்தம் குடித்த பெட்டை உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை போல உப்பியிருக்கும், அதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொத்தமல்லி விதையை விடச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இளம் உண்ணிகளைத்தான் பலர் அழுக்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

பேன் வேறு மாதிரி. ஆடு சுவரிலும் தூணிலும் உரசிக்கொண்டே இருக்கும், தன் விலாவைத் தானே கடிக்கும், முடி பிய்ந்து திட்டுத் திட்டாகத் தெரியும். முதுகிலும் கழுத்திலும் முடியை இரண்டு கையாலும் வகிடு எடுத்துப் பிரித்து, சில நொடி அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வெளிர் மஞ்சள் புள்ளிகள் வெளிச்சத்தை விட்டு விலகி ஓடுவது தெரியும். முடியின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டுகள் ஈறு. இந்த ஈறுதான் பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கெட் என்று சொல்லப்படும் சிறகில்லாத ஈ. சிவப்பு கலந்த பழுப்பு நிறம், அரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், உடம்பெல்லாம் ரோமம், கம்பளிக்குள் வேகமாக ஓடும். பார்க்க உண்ணி மாதிரி இருந்தாலும் எண்ணிப் பார்த்தால் ஆறு கால்தான், வளர்ந்த உண்ணிக்கு எட்டு. இது குளிரான ஊர்களில் அடர்ந்த கம்பளி உள்ள ஆடுகளைப் பிடிப்பது. நம் சமவெளி வெக்கையில், குட்டை முடி ஆட்டில் இது ஒரு பிரச்சினையாக வருவதில்லை. மலைப்பகுதியிலிருந்து கம்பளி ஆடு வாங்கி வந்தவர்கள் மட்டும் இதையும் தேடிப் பாருங்கள்.

பார்க்கும்போதே கண் இமையின் கீழ்ப்பகுதியை லேசாக இழுத்து உள்நிறத்தையும் பார்த்துவிடுங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிப் போயிருந்தால் ஆட்டுக்கு ரத்தம் குறைந்திருக்கிறது. குடற்புழுவாலும் வெளிறும், உண்ணியாலும் வெளிறும், உண்ணி கொண்டுவரும் ரத்தக் காய்ச்சலாலும் வெளிறும். அப்படிப்பட்ட ஆட்டுக்கு அன்றே மருந்து அடிக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்த மருந்தை வாங்குவது

ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: பாட்டிலின் மேல் கால்நடைக்கு என்றும், வெளிப்பூச்சுக்கு என்றும் எழுதியிருக்க வேண்டும். முடிந்தால் செம்மறி ஆடு என்றும் அதில் போட்டிருக்க வேண்டும். உரக்கடையில் விற்கும் பயிர் மருந்தில் அதே பெயர் இருக்கும். டெல்டாமெத்ரின் என்று அதிலும் எழுதியிருக்கும், இதிலும் எழுதியிருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் கால்நடைக்கு வருவது பெரும்பாலும் 1.25 சதவீதம், பயிருக்கு வருவதில் 2.8 சதவீதம் உண்டு. பழகிய அளவில் லிட்டருக்கு 2 மில்லி என்று கலந்தால் ஆட்டின் மேல் விழுவது இரண்டு மடங்குக்கும் மேல். சைபர்மெத்ரினும் அப்படித்தான், பயிர் மருந்தில் 10 சதவீதமும் வரும், 25 சதவீதமும் வரும். அதோடு அந்த மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெயும் கரைப்பானும் இலைக்கு ஏற்றவை, தோலில் பட்டுக்கொண்டே இருப்பதற்காகச் செய்ததல்ல. பருத்திக்கும் நெல்லுக்கும் அடித்த மீதியை, மோனோகுரோட்டோபாஸ் மாதிரியானதை, ஆட்டின் மேல் தெளிப்பதைப் பற்றி நான் சுற்றி வளைத்துப் பேச மாட்டேன். அது ஆட்டையும் கொல்லும், அடிப்பவரையும் கொல்லும்.

கால்நடை மருந்துகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று. டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம், சைபர்மெத்ரின் 10 சதவீதம், அமிட்ராஸ் 12.5 சதவீதம். முதல் இரண்டும் ஒரே குடும்பம், அமிட்ராஸ் வேறு குடும்பம். உண்ணிக்கும் பேனுக்கும் சேர்த்து முதல் முறையாக மருந்து அடிக்கிற சின்ன மந்தைக்கு நான் டெல்டாமெத்ரினைத்தான் சொல்வேன், லேபிள் அளவில் கலந்தால் ஆட்டுக்கு ஆபத்து குறைவு, நிறைய இடங்களில் கிடைக்கிறது. அதற்கு இரண்டு இடைஞ்சல் உண்டு. மீனுக்கும் தேனீக்கும் பூனைக்கும் அது கொடிய விஷம். அப்புறம், வருடக் கணக்கில் அதையே அடித்துவந்த பட்டிகளில் உண்ணி அதற்குப் பழகிப்போயிருக்கும், அங்கே எவ்வளவு அடித்தாலும் விழாது. அந்த நிலையில் அமிட்ராஸுக்கு மாறலாம். அமிட்ராஸ் பட்ட உண்ணி சீக்கிரம் பிடியை விட்டுவிடும். ஆனால் குதிரை, கழுதை இருக்கும் இடத்தில் அதைத் தொடவே கூடாது, அவற்றுக்குக் குடல் அசைவு நின்று வயிற்று வலியில் உயிரே போகும். சோர்ந்த, பட்டினி கிடந்த ஆட்டுக்கும் அடிக்க வேண்டாம், அது ஏற்கெனவே மந்தமாக இருப்பதை இன்னும் மந்தமாக்கும். டெல்டாமெத்ரினிலிருந்து சைபர்மெத்ரினுக்கு மாறுவது மட்டும் மாற்றமே இல்லை, ஒரே குடும்பம் என்பதால் ஒன்றுக்குப் பழகிய உண்ணி மற்றதையும் தாங்கிவிடும்.

"ஐவர்மெக்டின் ஊசி போட்டால் போதாதா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ரத்தம் குடிக்கும் பூச்சிக்கு அது ஓரளவு வேலை செய்யும். ஆட்டின் உடம்பில் தோல் செதிலைக் கடித்துத் தின்னும் பேனும் இருக்கிறது, அது ரத்தம் குடிப்பதில்லை, அதனால் ஊசி மருந்து அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. பேன்தான் உங்கள் தொல்லை என்றால் வெளியிலிருந்து நனைப்பதே வழி.

வாங்கும்போது சதவீதம், காலாவதி தேதி, இறைச்சிக்கும் பாலுக்கும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு, இந்த மூன்றையும் கடையிலேயே படித்துவிடுங்கள். பக்ரீத்துக்கு விற்க வளர்க்கும் கிடாக்களுக்கு இது மிக முக்கியம். விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, லேபிள் சொல்லும் நாட்கள் முழுதாகக் கழியும்படி அடிக்கும் தேதியை வையுங்கள்.

கலக்கும் கணக்கு

லேபிளில் "லிட்டருக்கு இத்தனை மில்லி" என்று நேராகவே போட்டிருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. ஆனால் சில நேரம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவில், அதாவது பிபிஎம் கணக்கில் டாக்டர் எழுதிக் கொடுப்பார், அல்லது வழக்கமான சதவீதம் கிடைக்காமல் வேறு சதவீதத்தில் கால்நடை மருந்து கிடைக்கும். அப்போது இந்த ஒரு வரிக் கணக்கு போதும்:

லிட்டருக்கு எத்தனை மில்லி = வேண்டிய பிபிஎம் ÷ (பாட்டிலின் சதவீதம் × 10)

உண்ணிக்கு டெல்டாமெத்ரின் 25 பிபிஎம் வேண்டும், பாட்டிலில் 1.25 சதவீதம். 1.25 × 10 = 12.5. 25 ÷ 12.5 = 2. ஆக லிட்டருக்கு 2 மில்லி. அமிட்ராஸ் உண்ணிக்கு 250 பிபிஎம், பாட்டில் 12.5 சதவீதம். 250 ÷ 125 = 2, அதுவும் லிட்டருக்கு 2 மில்லிதான். சைபர்மெத்ரின் 100 பிபிஎம், பாட்டில் 10 சதவீதம், 100 ÷ 100 = 1, லிட்டருக்கு 1 மில்லி. இங்கேதான் பழக்கம் ஆளைக் கவிழ்க்கிறது. டெல்டாமெத்ரினுக்கு 2 மில்லி ஊற்றிப் பழகிய கை, பாட்டில் மாறியது தெரியாமல் 10 சதவீத சைபர்மெத்ரினையும் 2 மில்லி ஊற்றும். பேனுக்கு மட்டும் என்றால் டெல்டாமெத்ரின் பொதுவாக இதில் பாதி அளவு போதும், சொறிக்கு அதிகம் வேண்டும், அதையும் லேபிளே பிரித்துச் சொல்லியிருக்கும்.

அளக்க மூடி வேண்டாம். ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, மருந்து என்று எழுதி, வீட்டுப் பக்கம் வராமல் பூட்டி வையுங்கள். ஸ்ப்ரேயரின் கொள்ளளவையும் நம்பி விடாதீர்கள். 16 லிட்டர் என்று விற்ற டேங்கில் கழுத்து வரை எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு லிட்டர் பாட்டிலால் ஒரு தடவை ஊற்றிப் பார்த்து, 8 லிட்டரிலும் 16 லிட்டரிலும் அழியாத மையால் கோடு போட்டுக்கொண்டால் பிறகு எப்போதும் கவலையில்லை. களைக்கொல்லி அடித்த ஸ்ப்ரேயரை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் குழாயிலும் வாஷரிலும் கொஞ்சம் தங்கும்.

தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். ஏரித் தண்ணீர், குட்டைத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் டெல்டாமெத்ரின் அந்த மண்ணிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், ஆட்டின் தோலுக்கு மிஞ்சுவது குறையும். "நல்லா பிடிக்கட்டும்" என்று சோப்புத் தூளோ சலவைச் சோடாவோ கலப்பதும் கெடுதல். காரத் தண்ணீரில் டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் சிதைந்துவிடும். அமிட்ராஸ் நேர் எதிர், அது புளிப்பில் சிதையும், எலுமிச்சையோ வினிகரோ அதன் பக்கம் போகக் கூடாது. மொத்தத்தில் மருந்தையும் நல்ல தண்ணீரையும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கலக்கும் வரிசை: பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், டேங்கில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள், அளந்த மருந்தை விடுங்கள், சிரிஞ்சை அதே தண்ணீரில் இழுத்து விட்டு அலசுங்கள், ஒரு குச்சியால் கலக்குங்கள், பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி கலக்குங்கள். தண்ணீரில் பட்டதும் மருந்து புகை மாதிரி விரிந்து, கலக்கினால் முழுவதும் நீர்த்த பால் நிறத்துக்கு வர வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, அடியில் தயிர்த் திப்பி மாதிரி தங்கினாலோ மருந்து கெட்டுப்போனது அல்லது போலி. அதை அடித்தால் சில ஆட்டுக்கு வெறும் தண்ணீரும் சில ஆட்டுக்குக் கெட்டி மருந்தும் போகும். தூக்கிக் கடைக்காரரிடம் கொடுங்கள். கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

ஒரு மந்தைக்கு முழுக் கணக்கு

செங்குன்றம் பக்கம் ஒருவரிடம் 24 பெட்டை, 1 கிடா, நான்கைந்து மாதக் குட்டி 9 என்று வைத்துக்கொள்வோம். உண்ணியும் பேனும் இரண்டும் இருக்கின்றன, கையில் டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம். குட்டை முடி ஆடு தோல் வரை நனைந்து வயிற்றிலிருந்து சொட்ட வேண்டுமானால் பெரிய ஆட்டுக்கு சுமார் 2 லிட்டர் போகும், குட்டிக்கு 1 லிட்டர். கம்பளி ஆடாக இருந்தால் இதைவிட நிறையக் குடிக்கும். 25 பெரியதற்கு 50 லிட்டர், 9 குட்டிக்கு 9 லிட்டர், மொத்தம் 59. சிந்துவதற்கும் சேர்த்து 64 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்க் 4. உண்ணி அளவே பேனுக்கும் போதுமானதால் லிட்டருக்கு 2 மில்லி என்று கலந்தால் டேங்குக்கு 32 மில்லி, நாலு டேங்குக்கு 128 மில்லி. இரண்டாவது சுற்றுக்கு அதே அளவு இன்னொரு முறை. இரண்டையும் கூட்டி 256 மில்லி, அதற்கு மேல் கொட்டகைக்கும் கொஞ்சம். இதைக் கணக்குப் போட்டுவிட்டு வாங்கப் போனால், பாதி மந்தையில் மருந்து தீர்ந்து மீதிக்குத் தண்ணீர் சேர்த்து ஓட்டும் வேலை வராது.

இரண்டு டேங்க் முடிந்ததும் எத்தனை ஆடு ஆனது என்று பாருங்கள். 16 ஆட்டுக்கு முடிய வேண்டிய இடத்தில் 30 ஆடு முடிந்திருந்தால் நீங்கள் நனைக்கவில்லை, மேலே தூவியிருக்கிறீர்கள். மருந்து சரி, கலவை சரி, ஆனால் உண்ணி சாகாது. நான் பார்த்த வரை கலவைக் கணக்குக்கு அடுத்தபடியாக அதிகம் நடக்கும் கோளாறு இதுதான்.

அடிக்கும் நாள்

மழை இல்லாத, வெயில் லேசாக இருக்கும் காலை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தால் மருந்து மண்ணுக்குப் போகும், ஈர முடியிலும் மருந்து பிடிக்காது. மே மாத நடுப்பகலில் அடித்தால் ஆடு சூட்டில் தவிக்கும். காலை எட்டு மணி வாக்கில் ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடிப்பது நல்லது, பகல் வெளிச்சத்தில் முடி காய்ந்துவிடும். அதற்கு முன் ஆடுகள் வயிறார தண்ணீர் குடித்திருக்க வேண்டும், கொஞ்சம் தீவனமும் உள்ளே போயிருக்க வேண்டும். தாகத்தில் இருக்கும் ஆடு தன் மேல் சொட்டும் மருந்தை நக்கும்.

காய்ச்சல் ஆடு, புண் திறந்த ஆடு, கடைசி மாதச் சினை, சின்னஞ்சிறு குட்டி இவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். சினை ஆட்டைப் பிடித்து இழுத்து மல்லுக்கட்டுவதே மருந்தைவிடப் பெரிய ஆபத்து, கரு சிதையலாம். சின்னக் குட்டிகளின் காதில் உள்ள உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். அவற்றுக்கு மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அடிப்பவர் முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, பூட்ஸ், முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். பிடிப்பவருக்கும் அதேதான், ஏனென்றால் உண்மையில் அதிகம் நனைவது பிடிப்பவர். நடுவில் பீடியும் டீயும் வேண்டாம். காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நின்றுகொள்ளுங்கள். ஸ்ப்ரேயரின் முனையை, மருந்து மெல்லிய பனியாக வராமல் பெரிய துளியாக வரும்படி திருகுங்கள், பனி ஆட்டின் மேல் உட்காராமல் உங்கள் நுரையீரலுக்குப் போகும்.

ஆட்டைக் குட்டைக் கயிற்றில் நிறுத்தி, முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக, ஒரு சாண் தூரத்தில் இருந்து அடியுங்கள். வாலிலிருந்து கழுத்து நோக்கி முதுகில் ஆரம்பித்து இரு விலாவுக்கும் இறங்கி, பிறகு ஆட்டின் ஒரு காலைத் தூக்கச் சொல்லி வயிறு, தொடை இடுக்கு, மடி, முன்னங்கால் இடுக்கு. வாலைத் தூக்கி அடியில் அடிக்க மறக்க வேண்டாம். குளம்பு இடுக்கில் நேராக ஒரு அழுத்து. முகத்தில் மட்டும் ஸ்ப்ரேயரைக் கொண்டு போகாதீர்கள். ஒரு பழைய துணியைக் கலவையில் நனைத்துப் பிழிந்து நெற்றி, கன்னம், காதின் வெளிப்பக்கம், உள்மடல் என்று துடையுங்கள், காதுத் துளைக்குள் சொட்டாமல், கண்ணிலும் வாயிலும் படாமல். உண்ணி அதிகம் தங்கும் இடமே காது என்பதால் இந்தத் துணி வேலையைத் தவிர்த்தால் பாதி உண்ணி அங்கேயே பிழைத்திருக்கும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டேங்கை ஒரு குலுக்கு குலுக்குங்கள். அடித்த ஆடுகளை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் சொட்டுவது நிற்கும் வரை வையுங்கள், காய்ந்த பிறகே மேய்ச்சலும் குட்டிக்குப் பாலும். மடியை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டுக் குட்டியை விடுங்கள்.

தொட்டியில் முக்குவது

மந்தை பெரிதாக இருந்தால், அல்லது கம்பளி ஆடாக இருந்தால் முக்குவதுதான் நிச்சயமான வழி, ஸ்ப்ரே அடர்ந்த கம்பளியைத் தாண்டித் தோலுக்குப் போகாது. முடி வெட்டிய காயமெல்லாம் ஆறி, கம்பளி கொஞ்சம் வளர்ந்த பிறகு முக்குங்கள். தொட்டித் தண்ணீரைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்: செவ்வகத் தொட்டியில் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 100 நீளம், 50 அகலம், 60 உயரம் என்றால் 300 லிட்டர், லிட்டருக்கு 2 மில்லி வீதம் 600 மில்லி. ஒவ்வொரு ஆடும் அரை நிமிடம் முழுதாக நனைய வேண்டும், கண்ணையும் மூக்கையும் பொத்தி ஒரு தடவை தலையைச் சட்டென்று அமுக்கி எடுத்தால் போதும். ஆடுகள் தங்கள் முடியில் மருந்தை வடிகட்டி எடுத்துக்கொண்டு போவதால் தொட்டி நீர் வர வர வலுவிழக்கும், அதனால் மீண்டும் நிரப்பும்போது எவ்வளவு மருந்து சேர்க்க வேண்டும் என்பதை லேபிள் தனியாகக் கொடுத்திருக்கும், தொடக்கக் கணக்கிலிருந்து அது வேறுபடும். சாணமும் மண்ணும் கலந்து கலங்கிவிட்டால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். வெறும் 30 ஆட்டுக்கு 300 லிட்டர் மருந்து நீரைக் கலந்து, மிச்சத்தை எங்கே கொட்டுவது என்று தவிப்பதற்கு ஸ்ப்ரேயே மேல் என்பது என் எண்ணம்.

கொட்டகையை விட்டால் வேலை பாதி

ரத்தம் குடித்து முடித்த பெட்டை உண்ணி ஆட்டை விட்டுக் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் மூங்கில் கணுவிலும் ஓலைக்கு அடியிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஆட்டின் மேல் இருப்பதைவிடக் கொட்டகையில் இருப்பதுதான் அதிகம். அதனால் ஆடுகள் வெளியே காயும் அந்த நேரத்திலேயே சாணம் முழுவதையும் வாரி தூரத்தில் எருக்குழியில் போட்டு மூடி, தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் வெளியே எடுத்து, கோழிகளை விரட்டிவிட்டு, விரிசல்களிலும் தூணின் அடியிலும் சுவரில் ஆட்டின் முதுகு உயரம் வரையிலும் மருந்தை நிதானமாக அடியுங்கள். கொட்டகைக்கான அளவை லேபிள் தனியாகச் சொல்லும். தரை முழுதாகக் காய்ந்த பிறகே ஆடும் கோழியும் உள்ளே. பிறகு ஒரு நாள் விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் உண்ணிக்கு ஒளிய இடம் குறையும்.

இரண்டாவது சுற்று, அப்புறம் சோதனை

ஈறை இந்த மருந்துகள் நம்பும்படி கொல்வதில்லை. முதல் சுற்றில் வளர்ந்த பேன் சாகும், ஒன்றரை வாரத்துக்குள் ஈறு பொரித்துப் புதுப் பேன் வரும், அது வளர்ந்து முட்டை வைக்கும் முன் அடிக்க வேண்டும். 14-ஆம் நாள் அதற்குச் சரியான நாள். கெட் இருந்தால் அதன் கூட்டுப்புழு கம்பளியில் ஒட்டியபடி மூன்று வாரத்துக்கு மேல்கூட இருக்கும், அதனால் நாலாவது வாரத்தில் அடிப்பது பொருந்தும்.

மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள, அடிப்பதற்கு முன்பே மூன்று ஆட்டுக்குக் கழுத்தில் கலர் கயிறு கட்டி, ஒவ்வொன்றின் வலது காதிலும் வால் அடியிலும் விலாவிலும் எத்தனை உண்ணி என்று எழுதி வையுங்கள். இரண்டாம் நாள் அதே இடங்களைப் பாருங்கள். செத்த உண்ணி சில நேரம் ஒட்டிக்கொண்டே இருக்கும், பிடுங்கி உள்ளங்கையில் வைத்து வாயால் சூடாக ஊதினால் உயிருள்ளது காலை ஆட்டும். விலாவில் எல்லாம் செத்து, காதிலும் வால் அடியிலும் மட்டும் உயிரோடு இருந்தால் மருந்து நல்லது, நீங்கள் அந்த இடத்தை நனைக்கவில்லை. எல்லா இடத்திலும் உயிரோடு இருந்தால் முதலில் கலவைக் கணக்கையும் காலாவதி தேதியையும் பாருங்கள். அவை சரி என்றால் உண்ணி மருந்துக்குப் பழகிவிட்டது, அடுத்த முறை வேறு குடும்பத்து மருந்து. அளவை இரட்டிப்பாக்குவது தீர்வாகாது, ஆட்டுக்கு விஷம் ஏறும், பழகிய உண்ணி மட்டும் மிஞ்சி இன்னும் பெருகும். இரண்டாம் நாள் சுத்தமாக இருந்து பத்தாம் நாள் மறுபடி வந்தால் அது கொட்டகையிலிருந்தோ மேய்ச்சல் இடத்திலிருந்தோ ஏறிய புது உண்ணி, மருந்தைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆடு ஒரு மாதிரி ஆனால்

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் அதிகமானால் வாயில் எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், நடுக்கம் வரும். அமிட்ராஸ் அதிகமானால் ஆடு தூங்கி விழும், தள்ளாடும், இதயத் துடிப்பு மெதுவாகும். மோனோகுரோட்டோபாஸ் மாதிரியான பயிர் மருந்து பட்டதென்றால் எச்சில், பேதி, மூச்சுத் திணறல், கண்பாவை சுருங்குதல் எல்லாம் சேர்ந்து வரும், அதற்கு நேரமே இருக்காது. எதுவானாலும் உடனே நிறைய நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவி, நிழலில் போட்டு, 1962-க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று எது சீக்கிரமோ அங்கே கொண்டு போங்கள். மருந்து பாட்டிலை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்று மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நடுங்கும் ஆட்டுக்கு அது நுரையீரலுக்குப் போகும். அடித்தவருக்கே தலைசுற்றல், வாந்தி என்றால் 108, அங்கேயும் பாட்டில் கூடவே.

மிச்சமானதும் காலி பாட்டிலும்

புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் சென்னைக் குடிநீருக்கானவை, அவற்றுக்கு வரும் கால்வாய்கள் இந்தப் பட்டிகளின் ஓரமாகத்தான் ஓடுகின்றன. டெல்டாமெத்ரின் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். அடித்த ஆட்டை அன்றே ஏரியில் குளிப்பாட்டுவதும், டேங்கை வாய்க்காலில் அலசுவதும் கூடாது. கணக்குச் சரியாகப் போட்டிருந்தால் மீதம் ஒன்றிரண்டு லிட்டர்தான் இருக்கும், அதைக் கொட்டகை விரிசல்களிலேயே அடித்துத் தீர்த்துவிடலாம். டேங்கை மூன்று முறை அலசிய தண்ணீரைக் கிணறு, போர், வாய்க்கால் எதுவும் பக்கத்தில் இல்லாத, ஆடு மேயாத மேட்டு நிலத்தில் பரவலாக ஊற்றுங்கள். காலி பாட்டிலையும் மூன்று முறை அலசி, அடியில் ஓட்டை போட்டு, லேபிளில் சொன்னபடி அப்புறப்படுத்துங்கள். ஓட்டை போடாத பாட்டில் இரண்டு நாளில் யார் வீட்டு அடுப்படியிலாவது எண்ணெய் பாட்டிலாக நிற்கும்.